3.7, 2.9, 1.6, 0.9: ஒரு நாயின் சிறுநீர்ப் புரத விகிதத்தைப் படித்த விதம்

சிறுநீரில் புரதம் போகிறதா என்பதைவிட, அது எங்கிருந்து போகிறது, நிஜமாகவே கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் கடினமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் எண், சிறுநீரிலுள்ள புரதத்தைக் கிரியேட்டினினால் வகுத்து வரும் விகிதம். ஆய்வக அறிக்கையில் UPC என்று அச்சாகியிருக்கும். இங்கே யுபிசி என்றே எழுதுகிறோம். எண் எளிதுதான். அதைப் படிப்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. கீழே வருவது ஒரே நாயின் மருத்துவக் கோப்பு அல்ல. சிங்கப்பூரில் இத்தகைய நோயாளிகளிடம் வழக்கமாகப் பார்ப்பதை ஒரு நாயின் மேல் வைத்து, கணக்கு புரியும்படி கோத்தது.

நோயாளி

கருப்பி, ஏழு வயதுப் பெண் நாய், கருத்தடை செய்யப்பட்டது, எடை 15 கிலோ. இங்கே ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று அழைக்கும் கலப்பினம். குட்டியாக இருந்தபோது கட்டுமானத் தளம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்டு, யீஷூனில் ஒரு வீவக வீட்டில் வளர்கிறது. ஆண்டுப் பரிசோதனைக்கு வந்தபோது வீட்டுக்காரரிடம் பெரிய புகார் எதுவும் இல்லை. கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறது, நடையில் முன்போல வேகமில்லை, அவ்வளவுதான். தண்ணீர் அதிகம் குடிக்கவில்லை, சாப்பாடு சரி.

சிறுநீர்க் குச்சிப் பரிசோதனையில் புரதம் மூன்று பிளஸ், சர்க்கரை இல்லை. அடர்த்தி எண் 1.031. இரத்தத்தில் கிரியேட்டினின் லிட்டருக்கு 97 மைக்ரோமோல், இயல்பு அளவுக்குள். அல்புமின் 24 கிராம், சற்றே குறைவு. குளோபுலின் 46, சற்றே அதிகம். கொழுப்பு மேல் வரம்பைத் தொட்டிருந்தது. இரத்தத் தட்டணுக்கள் லிட்டருக்கு 138 × 10⁹, தெளிவாகக் குறைவு.

கிரியேட்டினின் இயல்பாக இருப்பதைப் பார்த்து “சிறுநீரகம் நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட ஆசை வரும். வடிகட்டும் திறனில் பெரும்பங்கு இழந்த பிறகே அந்த எண் ஏறும். வடிகட்டியின் சல்லடை கிழிந்து புரதம் ஒழுகினாலும், வடிகட்டும் வேகம் குறையாத வரை இரத்தக் கிரியேட்டினின் அமைதியாகவே இருக்கும். கருப்பியின் நிலை அதுதான்.

குச்சியிலிருந்து விகிதத்துக்கு

குச்சி, புரதத்தின் செறிவை நிறமாகக் காட்டுகிறது. அடர்ந்த சிறுநீரில் கொஞ்சம் புரதம் இருந்தாலும் நிறம் ஏறும். நீர்த்த சிறுநீரில் நிறையப் போனாலும் வெளிறித் தெரியும். காரத்தன்மை மிகுந்த சிறுநீரும், பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் கிருமிநாசினியும் குச்சியைப் பொய்யாக நிறம் மாற்றும்.

கிரியேட்டினினைத் துணைக்கு எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தசையிலிருந்து அது ஏறக்குறைய ஒரே சீரில் உண்டாகிறது. சிறுநீரகம் அதைத் தடையின்றி வடிகட்டுகிறது, நுண்குழல்கள் அதைத் திரும்ப உறிஞ்சுவதில்லை. ஆகவே சிறுநீர் நீர்த்தால் புரதமும் கிரியேட்டினினும் ஒரே விகிதத்தில் நீர்க்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் நீரின் கணக்கு அடிபட்டுப் போகும். கருப்பியின் முதல் மாதிரியில் புரதம் டெசிலிட்டருக்கு 460 மில்லிகிராம், கிரியேட்டினின் 124 மில்லிகிராம். வகுத்தால் 3.7. அதே நாய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து, புரதம் 150, கிரியேட்டினின் 40 என்று வந்திருந்தாலும் விகிதம் ஏறக்குறைய 3.7தான். குச்சி மட்டும் ஒரு படி இறங்கியிருக்கும்.

இங்கே அலகில் ஒரு பொறி உண்டு. கிரியேட்டினினை மில்லிமோலில் தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன. மனிதர்களுக்கான அறிக்கைகளில் ஒரு மில்லிமோலுக்கு இத்தனை மில்லிகிராம் புரதம் என்று விகிதம் எழுதுவதும் உண்டு. கருப்பியின் இதே மாதிரி அந்தக் கணக்கில் 419 என்று வரும். அதை 113-ஆல் வகுத்தால்தான் நாய்களுக்கான வரம்புகளோடு ஒப்பிடக்கூடிய 3.7 கிடைக்கும். இரண்டு அறிக்கைகளை அருகருகே வைக்குமுன் எண்ணைப் பார்க்காதீர்கள், முதலில் அலகைப் பாருங்கள்.

வரம்புகள் இவை: 0.2-க்குக் கீழ் புரத இழப்பு இல்லை, 0.2 முதல் 0.5 வரை எல்லைக்கோடு, 0.5-க்கு மேல் புரத இழப்பு உண்டு. ஐரிஸ் என்ற பன்னாட்டுச் சிறுநீரகக் குழு நாய்களுக்கு வைத்திருக்கும் அளவுகோல் இது. 2-ஐத் தாண்டினால் குளோமெருலஸ், அதாவது வடிகட்டும் முடிச்சே பழுதடைந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். நுண்குழல் நோயில் வழக்கமாக விகிதம் அந்த அளவுக்கு ஏறாது.

3.7 எங்கிருந்து வந்தது

வரம்பைத் தாண்டியது என்பதற்காக உடனே சிறுநீரகத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. புரதம் மூன்று இடங்களிலிருந்து வரலாம்.

சிறுநீரகத்துக்கு முன்னால்: இரத்த அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் கொட்டினாலோ, தசை சிதைந்தாலோ, சில புற்றுநோய்களில் சிறு புரதங்கள் அளவுக்கு மீறி உண்டானாலோ, நல்ல சிறுநீரகத்தின் வழியாகவும் புரதம் வழியும். கருப்பியின் பிளாஸ்மா தெளிவாக இருந்தது, இரத்தச்சோகை இல்லை.

சிறுநீரகத்துக்குப் பின்னால்: சிறுநீர்ப்பை அழற்சி, கல், ஆண் நாயில் புராஸ்டேட் சுரப்பிக் கோளாறு. இதைத் தவிர்க்க ஒரே வழி, சிறுநீரைச் சுழற்றி அடியில் தங்கும் வண்டலை நுண்ணோக்கியில் பார்ப்பது. விகிதத்தை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு வண்டலைப் பார்க்காமல் விடுவதுதான் இந்தப் பரிசோதனையில் அதிகம் நடக்கும் தவறு. வெள்ளணுக்களும் பாக்டீரியாவும் நிறைய இருந்தால், வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. தொற்றைச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். இரத்தம் கலந்தால் எண் ஏறும் என்ற பயம் ஓரளவுக்கு மிகை. ஊசி வழியாக எடுக்கும்போது நுண்ணோக்கிக்கு மட்டும் தெரிகிற அளவு இரத்தம் கலந்தால் விகிதம் அதிகம் நகராது. கண்ணுக்கே சிவப்பாகத் தெரிந்தால் அந்த மாதிரி வேண்டாம். கருப்பிக்கு ஒரு பார்வைப் புலத்தில் இரண்டு மூன்று சிவப்பணுக்கள், வெள்ளணு ஒன்று இருக்கலாம், பாக்டீரியா இல்லை. கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை.

எஞ்சியது சிறுநீரகம். நுண்குழல் பழுது என்றால் இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை தெரியலாம். உலர்ந்த கோழிக்கறித் தின்பண்டங்கள் சாப்பிட்ட நாய்களில் இப்படிப்பட்ட பழுது பதிவாகியிருப்பதால் அதை எப்போதும் கேட்போம். கருப்பிக்குச் சிறுநீரில் சர்க்கரை இல்லை, விகிதமும் 2-க்கு மேல். அல்புமின் குறைவும் கொழுப்பு உயர்வும் சேர, கதை குளோமெருலஸைச் சுட்டியது.

மறுபடி எடுத்தது, இந்த முறை வீட்டில்

ஒரே ஒரு மாதிரியை வைத்து நாள்பட்ட நோய் என்று முத்திரை குத்துவதில்லை. குறைந்தது இரண்டு வார காலத்தில் இரண்டு மூன்று முறை பார்த்து, நிலைத்திருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். மருத்துவமனையில் எடுத்த மாதிரியைவிட வீட்டில் எடுத்தது சற்றுக் குறைவான எண்ணைத் தருவதும் உண்டு. பதற்றமும் பயணமும் அதில் பங்கு வகிக்கலாம். எது எப்படியோ, முதலிலிருந்தே ஒரே முறையைக் கடைப்பிடிப்பதுதான் முக்கியம்.

வீட்டுக்காரருக்குச் சொன்ன முறை இது. காலை முதல் நடையில், புளோக்கின் கீழ் புல்வெளியில் நாய் குந்தும்போது நீளமான காம்புள்ள அகப்பையைப் பின்னாலிருந்து நீட்ட வேண்டும். முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். அகப்பையை வெந்நீரில் அலசி நன்றாக உலர்த்தினால் போதும், பிளீச் வேண்டாம். மூடியுள்ள சுத்தமான குப்பியில் ஊற்றி, தேதி எழுதி, உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இங்குள்ள வெயிலில் ஸ்ட்ரோலரின் கூடையில் அரைநாள் கிடந்த சிறுநீரில் பாக்டீரியாதான் பெருகியிருக்கும். அடுத்த இரண்டு காலைகளும் இதேபோல. மூன்று குப்பிகளிலிருந்தும் சம அளவு, தலா இரண்டு மில்லிலிட்டர், எடுத்துக் கலந்து ஒரே மாதிரியாக ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மூன்றையும் தனித்தனியே அளந்து சராசரி எடுத்ததற்கு மிக நெருக்கமான விடையை இந்தக் கலவை தருகிறது, செலவு மூன்றில் ஒரு பங்கு. வண்டலுக்கு மட்டும் அன்றைய புது மாதிரி தேவை.

விடை 2.9. வீட்டுக்காரர் உடனே கேட்டார்: “டாக்டர், 3.7 இப்போ 2.9 ஆயிடுச்சே. தானா குறையுது, மருந்து வேணாம்தானே?”

இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் மையம். நோய் அசையாமல் இருந்தாலும் விகிதம் நாளுக்கு நாள் ஆடும். புரதம் இழக்கும் நாய்களைத் தொடர்ந்து அளந்து பார்த்ததில் தெரிந்தது இது: விகிதம் 0.5-ஐ ஒட்டியிருக்கும்போது ஏறக்குறைய 80 சதவீதம் மாறினால்தான் அது நிஜமான மாற்றம். 12-ஐ ஒட்டியிருக்கும்போது 35 சதவீதம் போதும். நடுவில் உள்ளவற்றுக்கு இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு. 3.7-இலிருந்து 2.9 என்பது 22 சதவீதம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு ஒன்று மருத்துவமனை மாதிரி, மற்றொன்று வீட்டு மாதிரி. இரண்டும் சொல்வது ஒன்றைத்தான்: புரத இழப்பு நிலையானது, 2-க்கு மேலானது. அன்று முதல் ஒப்பீட்டுக்கான அடித்தள எண்ணாக 2.9-ஐயே வைத்துக்கொண்டோம், ஏனெனில் இனி வரப்போகும் மாதிரிகளும் அதே முறையில்தான் வரும்.

காரணம்

சிங்கப்பூரில் தட்டணு குறைந்து, குளோபுலின் ஏறி, புரதமும் போகும் நாயில் முதலில் தேட வேண்டியது உண்ணி வழி நோய்கள். இங்கே அதைப் பரப்புவது பழுப்பு நாய் உண்ணி. அது வீட்டுக்குள்ளேயே சுவர் இடுக்கில் வாழ்ந்து பெருகும், ஆண்டு முழுவதும். உண்ணி வழி வரும் கிருமிகளான எர்லிக்கியா, பபேசியா இரண்டோடு, கொசு வழி வரும் இதயப்புழுவையும் பார்த்தோம். நீண்டநாள் உடலில் தங்கும் கிருமிக்கு எதிராக உடல் ஓயாமல் எதிர்ப்பொருள் உண்டாக்க, இரண்டும் பிணைந்த கூட்டுப்பொருள் குளோமெருலஸின் சுவரில் படிந்து சல்லடையைப் பழுதாக்குகிறது.

எர்லிக்கியா எதிர்ப்பொருள் பாசிட்டிவ். அது மட்டும் என்றால் பழைய தொற்றாகவும் இருக்கலாம். குணமான பிறகும் நெடுநாள் பாசிட்டிவாகவே நிற்கும். இரத்தத்தில் செய்த பிசிஆரும் பாசிட்டிவ் என்பதால் கிருமி இப்போது இருக்கிறது என்று உறுதியானது. இந்த இரத்தத்தை மருந்து தொடங்குமுன் எடுப்பது அவசியம். இரண்டு நாள் டாக்சிசைக்ளின் கொடுத்துவிட்டு எடுத்த பிசிஆர் நெகட்டிவ் என்றால் அதை நம்ப முடியாது.

இரத்த அழுத்தம், அமைதியான அறையில் பத்து நிமிடம் உட்கார வைத்து, முதல் அளவைத் தள்ளிவிட்டு எடுத்த சராசரி, 168. வேறொரு நாளில் 165. 160-க்கு மேல் உறுப்புகளுக்கு ஆபத்து. கிழிந்த சல்லடையை உள்ளிருந்து அழுத்துவதும் அதுவே. அழுத்தம் அளக்கக் காலில் சுற்றும் பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். குறுகிய பட்டை அழுத்தத்தை மிகையாகக் காட்டும்.

மருந்தும் எண்ணும்

டாக்சிசைக்ளின் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு இரண்டு முறை, 28 நாள். கருப்பிக்கு வேளைக்கு 75 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றரை. சாப்பாட்டோடு கொடுத்து, பின்னால் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். கூடவே மாதாந்திர உண்ணி மருந்து.

டெல்மிசார்டன் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. இது குளோமெருலஸிலிருந்து வெளியேறும் இரத்தக்குழாயைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைக்கும். திரவ மருந்து மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இரண்டு வலிமையில் கிடைக்கிறது. 10 என்றால் கருப்பிக்கு 1.5 மில்லிலிட்டர். அதே 1.5-ஐ 4 வலிமையுள்ள குப்பியிலிருந்து எடுத்தால் நாய்க்குப் போவது 6 மில்லிகிராம்தான். “மருந்து வேலை செய்யவில்லை” என்று யாராவது வரும்போது குப்பியையும் ஊசிக்குழாயையும் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

உணவைச் சிறுநீரக நோய்க்கான உணவுக்கு ஒரு வாரத்தில் மெல்ல மாற்றினோம். புரதம் போகிறது, ஆகவே கோழிக்கறி கூட்டிக் கொடுக்கலாம் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் கூடுதல் புரதம் வடிகட்டியின் சுமையைக் கூட்டி இழப்பை அதிகமாக்கும். அல்புமினோடு இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதமும் வழிந்து போவதால் உறைகட்டி ஆபத்து உண்டு. அல்புமின் 20-ஐ நெருங்கியிருந்தால் குளோபிடோக்ரெலும் சேர்த்திருப்போம். 24-இலும், தட்டணு குறைந்திருக்கும் நிலையிலும் அவசரமில்லை என்று நிறுத்திவைத்தோம்.

பத்தாம் நாள் பார்த்தது யுபிசியை அல்ல; பாதுகாப்பை. கிரியேட்டினின் 97-இலிருந்து 108. உள்ளழுத்தம் குறையும்போது வடிகட்டும் வேகமும் சற்றுக் குறையும் என்பதால் இந்த 11 சதவீத ஏற்றம் எதிர்பார்த்ததே. 30 சதவீதத்தைத் தாண்டினால்தான் மருந்தைக் குறைக்க யோசிப்போம். பொட்டாசியம் 4.9, அழுத்தம் 148.

ஆறாம் வாரம், மூன்று காலைகளின் கலவை: 1.6. இலக்கு 0.5-க்குக் கீழ், அல்லது பாதியாகவாவது குறைவது. 2.9-இலிருந்து 45 சதவீதம் இறங்கியிருக்கிறது. நம்பிக்கை தருகிற திசைதான், ஆனால் ஆட்டத்தின் எல்லையை ஒட்டியே நிற்கிறது. அந்த வார இறுதியில் நாய் வாந்தி எடுத்ததால் வேறொரு மருத்துவமனைக்குப் போனார்கள்; அங்கே உள்ளிருக்கும் கருவியில் 2.4 வந்தது. இரண்டு நாளில் நோய் முற்றிவிட்டதா? புரதத்தை அளக்கும் வேதிமுறை கருவிக்குக் கருவி வேறு. ஒரே சிறுநீரை இரண்டு இடத்தில் கொடுத்தாலும் இரண்டு எண் வரலாம். தொடர் ஒப்பீட்டுக்கு ஒரே ஆய்வகம், ஒரே முறை. 2.4-ஐக் கோப்பில் எழுதினோம், வரைபடத்தில் சேர்க்கவில்லை. வாந்தி நிற்கும் வரை டெல்மிசார்டனை நிறுத்தச் சொன்னோம்; நீரிழந்த நாய்க்கு அது சிறுநீரகத்தை வாட்டும்.

மூன்றாம் மாதம்: 0.9. அல்புமின் 29, தட்டணு 236, கிரியேட்டினின் 104, அழுத்தம் 142, பிசிஆர் நெகட்டிவ். 2.9-இலிருந்து 69 சதவீத இறக்கம். இது ஆட்டமல்ல, மாற்றம். இதில் டாக்சிசைக்ளினின் பங்கு எவ்வளவு, டெல்மிசார்டனின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினோம், அழுத்தம் 168-இல் இருக்கும்போது காத்திருக்க விருப்பமில்லை.

0.9 எப்போது கெட்ட செய்தி

இதே 0.9 வேறு துணை எண்களோடு வந்திருந்தால் பொருளே தலைகீழாகியிருக்கும். கிரியேட்டினின் 104-க்குப் பதில் 260 என்று வந்திருந்தால், புரதம் குறைந்தது சல்லடை ஆறியதால் அல்ல, வடிகட்டிகள் செத்துவிட்டதால். புரதத்தைக் கசிய விடுவதற்கும் உயிருள்ள குளோமெருலஸ் வேண்டும். அது தழும்பாகிவிட்டால் கசிவும் நின்றுவிடும். ஆகவே குறையும் விகிதத்தைக் கிரியேட்டினின், அல்புமின் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அல்புமின் ஏறி, கிரியேட்டினின் நிலையாக இருந்து, விகிதம் இறங்கினால்தான் நல்லது.

ஸ்டீராய்டு இன்னொரு வழியில் ஏமாற்றும். இந்த ஈரப்பதத்தில் தோல் அரிப்புக்கு மீந்துபோன பிரெட்னிசலோனைக் கொடுப்பது சகஜம். அது நாயில் தானே புரத இழப்பை ஏற்றும். விகிதம் திடீரென்று எகிறினால், நோய் திரும்பியது என்று முடிவெடுக்குமுன், கடந்த சில வாரங்களில் வாயாலோ ஊசியாலோ ஸ்டீராய்டு போனதா என்று கேட்க வேண்டும். தசை வெகுவாகக் கரைந்த நாயில் சிறுநீர்க் கிரியேட்டினினே குறைந்து, புரதம் கூடாமலே விகிதம் மேலேறும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

கருப்பிக்கு மூன்றாம் மாதத்தில் விகிதம் 2-க்கு மேலேயே நின்றிருந்தாலோ, அல்புமின் தொடர்ந்து சரிந்திருந்தாலோ, அடுத்த கட்டம் சிறுநீரகத் திசுப் பரிசோதனை. முதலில் தட்டணுவும் இரத்த அழுத்தமும் சரியாக இருக்க வேண்டும். புரத இழப்புக்காகத் திசு எடுக்கப்பட்ட நாய்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே எதிர்ப்பொருள் படிந்த நோய் இருக்கிறது. மற்றவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தால் பயனில்லை, கெடுதல் மட்டுமே. அதனால் திசு பார்க்காமல் மைக்கோபீனோலேட் தொடங்கத் தயக்கம் உண்டு. நாய் வேகமாகச் சரிந்துகொண்டிருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே மூன்று காலைக் கலவை, அதே ஆய்வகம். டெல்மிசார்டன் அதே அளவில் தொடரும். அடுத்த எண் 0.7 அல்லது 1.2 என்று வந்தால் மருந்தில் கை வைக்கப் போவதில்லை. 1.7-ஐத் தொட்டால் முதலில் வண்டல், அடுத்து அழுத்தம், அதன்பின் ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு கலவை. அதுவும் அங்கேயே நின்றால் எர்லிக்கியா பிசிஆரை மீண்டும் எடுத்து, டெல்மிசார்டனைக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமுக்கு உயர்த்துவோம்.